3.3 என்ற எண்ணை இப்போதைக்கு நம்ப வேண்டாம்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு 26 வயது. தர்மபுரிக்கு அருகில் ஒரு கிராமம். திருமணமாகி எட்டு மாதங்கள் ஆகின்றன. கணவர் என் சொந்த அத்தை மகன். என் நாத்தனாரின் குழந்தைக்கு தலசீமியா மேஜர் என்ற பரம்பரை ரத்த நோய். மாதந்தோறும் ரத்தம் ஏற்றுகிறார்கள். அதனால் வீட்டில் எல்லோருக்கும் ரத்தம் பார்த்தார்கள். அத்தைக்கும் என் கணவருக்கும் தலசீமியா மைனர் என்று வந்தது. எனக்கு ஏ2 3.3 சதவீதம், 'இயல்பு' என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. ஹீமோகுளோபின் மட்டும் 8.6. இரும்புச்சத்து குறைவு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். "உனக்கு ஒன்றுமில்லை, இனி குழந்தை பெற்றுக்கொள்ளலாம்" என்கிறார் அத்தை. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. அந்த 'இயல்பு' என்ற சொல்லை நம்பலாமா? ரிப்போர்ட்டின் நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்: நம்ப வேண்டாம் அம்மா. உங்கள் மனம் ஒப்பாமல் போனதற்குச் சரியான காரணம் இருக்கிறது. அந்த ரிப்போர்ட்டில் எண் தவறாக அச்சாகவில்லை. கருவி பிழை செய்ததாகவும் நான் சொல்லவில்லை. அன்றைக்கு உங்கள் ரத்தத்தில் ஏ2 உண்மையாகவே 3.3 சதவீதம்தான் இருந்திருக்கும். ஆனால் உடலில் இரும்பு போதிய அளவு இருந்திருந்தால் அது எவ்வளவு இருந்திருக்கும் என்பதுதான் நமக்கு வேண்டிய விடை. அந்த விடை இன்னும் நம் கையில் இல்லை.

இதைப் புரிந்துகொள்ள, ஏ2 என்றால் என்னவென்று சற்றுப் பார்க்க வேண்டும். நம் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் ஒரே வகையல்ல. ஏறத்தாழ 97 சதவீதம் 'ஏ' வகை. இதில் இரண்டு ஆல்பா சங்கிலிகளும் இரண்டு பீட்டா சங்கிலிகளும் சேர்ந்திருக்கும். மிச்சத்தில் பெரும்பகுதி, அதாவது மொத்தத்தில் இரண்டு முதல் மூன்று சதவீதம் வரை, 'ஏ2'. இதில் அதே ஆல்பா சங்கிலிகள், பீட்டாவுக்குப் பதிலாக டெல்டா என்ற வேறொரு சங்கிலியோடு சேர்ந்திருக்கும். ஆக, பீட்டாவுக்கும் டெல்டாவுக்கும் வேண்டியது ஒரே ஆல்பாதான்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆல்பா என்பது போட்டிருக்கும் இலை. பீட்டாக்கள் பெருங்கூட்டமாக வந்து முன்னால் உட்கார்ந்துவிடுகின்றன. டெல்டாக்கள் சிலவே, அவை கடைசியில் கிடைத்த இடத்தில் உட்காருகின்றன. பீட்டா தலசீமியா மைனர் உள்ளவருக்கு இரண்டு பீட்டா மரபணுக்களில் ஒன்று பழுது. அதனால் பீட்டா கூட்டத்தில் கிட்டத்தட்ட பாதி வருவதே இல்லை. காலியான இலைகளில் டெல்டாக்களுக்கு முன்பைவிடக் கூடுதலாக இடம் கிடைக்கிறது. எனவே ஏ2 நான்கு, ஐந்து சதவீதத்துக்கு உயர்கிறது. அந்த உயர்வைத்தான் பரிசோதனையில் தேடுகிறோம். பொதுவாக 4 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் மைனர் என்று எழுதுகிறோம்.

இப்போது இரும்பு குறைந்தால் என்ன ஆகும்? ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கும் பகுதியான 'ஹீம்', இரும்பு இல்லாமல் உருவாகாது. ஹீம் குறைந்ததும், வளர்ந்துகொண்டிருக்கும் சிவப்பணு தன் புரதத் தயாரிப்பை அடக்கிக்கொள்கிறது. அந்த அடக்கத்தில் ஆல்பா சங்கிலியின் தயாரிப்பு மற்றவற்றைவிடக் கூடுதலாக அடிபடுகிறது. அதாவது பந்தியில் இலையே குறைந்துவிடுகிறது. குறைந்த இலைக்குப் போட்டி வரும்போது பீட்டாதான் வெல்லும். ஆல்பாவுக்கும் பீட்டாவுக்கும் மின்னூட்டம் எதிரெதிரானது. அதனால் அவை எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. டெல்டாவுக்கு அந்த ஈர்ப்பு குறைவு. எனவே டெல்டா பட்டினியாகத் திரும்புகிறது, ஏ2 இறங்குகிறது.

மைனரும் இரும்புக் குறைவும் ஒரே உடலில் இருந்தால், ஒன்று ஏ2-வை மேலே தள்ளுகிறது, மற்றது கீழே இழுக்கிறது. பார்ப்பவர் கையில் வந்து விழுவது இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் எண். அது இயல்பின் எல்லைக்குள்ளும் விழக்கூடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தேவையற்ற பயம் பரவும். இரும்புக் குறைவு எல்லா மைனர்களையும் மறைத்துவிடாது. இயல்பாக ஐந்தரை சதவீதம் இருக்க வேண்டியவருக்கு நான்கரை, ஐந்து என்று இறங்கினாலும் அவர் பிடிபட்டுவிடுவார். இரும்பு குறைவாக இருக்கும்போதே ஒருவருக்கு ஏ2 4.8 என்று வந்தால் அந்த முடிவை அப்படியே ஏற்கலாம். மறுபடி பார்க்கக் காத்திருக்கவும் வேண்டாம். தப்பிவிடுகிறவர்கள், இயல்பிலேயே நான்கை ஒட்டி இருப்பவர்கள். அவர்களுக்கு ரத்தசோகை கடுமையாக இருந்தால், அதாவது ஹீமோகுளோபின் எட்டு, ஒன்பது என்று கிடந்தால், 4.0 என்பது 3.4 ஆகிவிடலாம். உங்கள் 8.6-ஐப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அதனால்தான்.

சரி, உங்கள் ரிப்போர்ட்டின் மற்ற வரிகளுக்கு வருவோம். எல்லோருடைய கண்ணும் ஹீமோகுளோபின், ஏ2 இரண்டோடு நின்றுவிட்டது. எனக்கு அவற்றைவிடப் பேசும் வரிகள் கீழே இருக்கின்றன. சிவப்பணு எண்ணிக்கை 49 லட்சம். ஓர் அணுவின் சராசரிப் பருமன், அதாவது எம்.சி.வி., 60. அணுக்களின் பருமன் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்று சொல்லும் ஆர்.டி.டபிள்யு. 21. ஃபெரிட்டின் 6.

ஃபெரிட்டின் 15-க்குக் கீழே போனால் உடலின் இரும்புக் கிடங்கு காலி என்று பொருள். ஆகவே 6 என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. உங்களுக்கு இரும்புக் குறைவு உண்மையிலேயே இருக்கிறது. 21 என்ற ஆர்.டி.டபிள்யு.வும் அதையே சொல்கிறது. மாத்திரை கொடுத்த மருத்துவர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

ஆனால் இரும்புக் குறைவு மட்டுமே இருந்தால் 49 லட்சம் சிவப்பணு ஏன்? மூலப்பொருள் இல்லாத தொழிற்சாலை, எண்ணிக்கையையும் குறைத்துக்கொள்ளும். வெறும் இரும்புக் குறைவால் ஹீமோகுளோபின் 8.6-க்கு இறங்கிய பெண்களிடம் பெரும்பாலும் 40 லட்சத்தை ஒட்டிய எண்ணிக்கையையும், எழுபதை ஒட்டிய எம்.சி.வி.யையும்தான் பார்க்கிறோம். உங்கள் அணுக்களோ அதைவிடச் சிறியவை, அதைவிட ஏராளமானவை. 'சிறிய அணு, நிறைய அணு' என்பது தலசீமியா மைனரின் கையெழுத்து.

எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பது ஒரு பழைய வழக்கம். எண்ணிக்கையை மில்லியனில் எடுத்துக்கொண்டால் உங்களுக்கு 60-ஐ 4.9-ஆல் வகுக்க, ஏறத்தாழ 12.2 வருகிறது. 13-க்குக் கீழே வந்தால் மைனர் பக்கம், மேலே போனால் இரும்புக் குறைவின் பக்கம் என்பார்கள். இந்தக் கணக்கை நான் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டும் சேர்ந்திருக்கும்போது இது இரு பக்கமும் தடுமாறும். ஆனாலும் ஏ2 'இயல்பு' என்று சொல்ல, சிவப்பணு எண்ணிக்கையும் எம்.சி.வி.யும் வேறொன்றைச் சொன்னால், ஏ2-வைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இந்தப் பாடம் எனக்கு ஒரு நோயாளியிடம் கிடைத்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் வந்தார். ஹீமோகுளோபின் 8.1, ஃபெரிட்டின் 5, ஏ2 3.4. அதற்கு முன் பார்த்த ஓர் இடத்தில் 'தலசீமியா இல்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு இரும்பு கொடுத்தேன். மூன்றரை மாதம் கழித்து ஹீமோகுளோபின் 11-க்கு வந்தது, ஃபெரிட்டின் 48 ஆனது. இரும்புக் குறைவு மட்டும் இருந்திருந்தால் எம்.சி.வி. 80-ஐத் தாண்டியிருக்க வேண்டும். அது 65-லேயே நின்றது. சிவப்பணு 55 லட்சம். மறுபடி ஏ2 பார்த்தோம்: 4.2. ஒரே பெண், ஒரே மரபணு. நடுவில் மாறியது இரும்பு மட்டும்தான். அந்த இரண்டு வரைபடத் தாள்களையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்து அவருக்குக் காட்டினேன். 'ஏ' வகையின் பெரிய மலைக்கு வலப்பக்கம் ஏ2-வின் சிறு மேடு இருக்கும். முதல் தாளில் அது கோடு போல் ஒடுங்கியிருந்தது, இரண்டாவதில் சற்றே எழும்பியிருந்தது. கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் அவ்வளவுதான். குடும்பத்தின் முடிவுகளெல்லாம் அந்தச் சிறு மேட்டின் மேல் நிற்கின்றன.

உங்கள் குடும்பக் கணக்கையும் பார்ப்போம். அத்தைக்கு மைனர் இருக்கிறது. அவருக்கு அது உங்கள் தாத்தா, பாட்டி இருவரில் ஒருவரிடமிருந்து வந்திருக்கும். அப்படியானால் அத்தையின் உடன்பிறந்தவரான உங்கள் அப்பாவுக்கும் அது வந்திருக்கப் பாதி வாய்ப்பு. அப்பாவுக்கு இருந்தால் உங்களுக்கு வரப் பாதி. ஆக, ரத்தமே எடுக்காமல் கணக்குப் போட்டால்கூட உங்களுக்கு நான்கில் ஒன்று வாய்ப்பு. உறவுக்குள் அல்லாத திருமணத்தில் மனைவிக்கு இவ்வளவு வாய்ப்பு இருக்காது. உங்கள் சிவப்பணு எண்ணிக்கையையும் எம்.சி.வி.யையும் சேர்த்தால் இந்த வாய்ப்பு இன்னும் மேலே போகிறது. இருவருக்கும் மைனர் என்றால் ஒவ்வொரு கருவுக்கும் இரண்டு பீட்டா மரபணுக்களும் பழுதாகி மேஜர் ஆகும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அது என்ன வாழ்க்கை என்பதை உங்கள் நாத்தனார் வீட்டில் பார்த்துவிட்டீர்கள். நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கணக்கிலேயே ஒரு குறுக்குவழியும் இருக்கிறது. அப்பாவையும் அம்மாவையும் பாருங்கள். இருவருக்கும் சாதாரண ரத்த எண்ணிக்கைப் பரிசோதனையும் ஏ2-வும் போதும். ஆண்களுக்கு மாதவிடாய் இழப்பு இல்லாததால் அப்பாவின் ஏ2-வை இரும்புக் குறைவு குழப்பும் வாய்ப்பு குறைவு. இருவருக்கும் எம்.சி.வி. 80-க்கு மேல், ஏ2 3-க்குக் கீழ் என்று வந்தால் உங்களுக்கு மைனர் இருக்க வழியில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். அப்போது உங்கள் சிறிய அணுக்களுக்கு இரும்புக் குறைவைத்தான் முதலில் காரணமாகப் பார்க்க வேண்டும். யாராவது ஒருவருக்கு மைனர் என்று வந்தால் உங்களுக்குப் பாதிக்குப் பாதி. அப்போது உங்களை முழுமையாகப் பார்த்தே தீர வேண்டும்.

முழுமையாகப் பார்ப்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன. கர்ப்பமாகாத நிலையில், அவசரமில்லை என்றால் இரும்பைச் சரிசெய்துவிட்டு மறுபடி ஏ2 பார்ப்பது ஒன்று. 60 மில்லிகிராம் இரும்பு உள்ள மாத்திரையை நாளுக்கு ஒன்று அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள், காபி, டீயிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளிச் சாப்பிடுங்கள். எலுமிச்சைச் சாறோடு எடுத்தால் உடலில் நன்றாகச் சேரும். ஹீமோகுளோபின் ஏறத் தொடங்கியதும் ஓடிப்போய் ஏ2 பார்க்காதீர்கள். ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. இரும்பில்லாத நாளில் பிறந்த அணுக்களில் பெரும்பாலானவை உங்கள் உடலை விட்டுப் போக வேண்டும். மூன்று மாதம் விடுங்கள். ஃபெரிட்டின் 30-ஐத் தாண்டிவிட்டதா என்று உறுதி செய்துகொண்டு, அதே ரத்தத்தில் ஏ2-வையும் பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சல், தொற்று இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறும். உடம்பு சரியில்லாத வாரத்தில் கொடுக்காதீர்கள். இடையில் ரத்தம் ஏற்ற நேர்ந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். கொடையாளியின் ரத்தம் கலந்துவிட்டால் ஏ2 உங்களுடையதா அவருடையதா என்று தெரியாது.

தலசீமியா சந்தேகம் இருந்தால் இரும்பு மாத்திரையே கூடாது என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். ஃபெரிட்டின் 6 உள்ளவருக்கு அது பொருந்தாது. மைனர் உள்ளவருக்கும் இரும்பு குறைந்தால் கொடுத்தே ஆக வேண்டும். தவறு நடப்பது வேறு இடத்தில்: ஃபெரிட்டின் நிறைந்த பிறகும் ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டவில்லையே என்று ஆண்டுக்கணக்கில் மாத்திரை தொடருவார்கள். மைனருக்கு 10.5, 11 என்பதே அவருடைய இயல்பான அளவாக இருக்கலாம். கிடங்கு நிறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறதா, குடற்புழு உண்டா என்பதையும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். 6-க்கு இறங்க ஒரு காரணம் இருக்கும்.

இரண்டாவது வழி மரபணுப் பரிசோதனை. உங்கள் நிலைமையில் இதைத்தான் நான் விரும்புகிறேன். இரும்பு குறைந்தாலும் நிறைந்தாலும் மரபணு எழுத்து மாறாது. மூன்று மாதம் காத்திருக்கவும் வேண்டாம். இந்தியாவில் பீட்டா தலசீமியாவை உண்டாக்கும் மாற்றங்களில் பெரும்பான்மை ஐந்தே வகைதான். உங்களுக்குத் தேடும் வேலை அதைவிடவும் எளிது. கணவருக்கும் அத்தைக்கும் எந்த மாற்றம் என்று முதலில் கண்டறிந்துகொள்ள வேண்டும். நாத்தனாரின் குழந்தைக்கு ஏற்கெனவே மரபணு ரிப்போர்ட் இருந்தால் அதில் ஒரு பாதி விடை கிடைக்கும். பிறகு அதே மாற்றம் உங்களிடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லை என்று வந்தால் உடனே முடித்துவிட வேண்டாம். அம்மா வழியில் வேறொன்று வந்திருக்கலாம் என்பதால், எம்.சி.வி. இரும்புக்குப் பிறகும் தாழ்ந்தே இருந்தால் பீட்டா மரபணு முழுவதையும் படிக்கச் சொல்ல வேண்டும். முழுவதும் படித்தும் எதுவும் கிடைக்காமல், ஏ2-வும் இரும்புக்குப் பிறகு 3-க்குக் கீழேயே நின்றால், ஆல்பா தலசீமியாவை யோசிக்கலாம். அது வேறு கதை, பெரும்பாலும் இவ்வளவு கவலை தராதது.

மூன்று மாதத்துக்குப் பிறகும் ஏ2 3.5, 3.7 என்று நடுவிலேயே நிற்கக்கூடும். அதற்கு இரும்பு அல்லாத காரணங்கள் உண்டு. பீட்டாவின் சில மென்மையான மாற்றங்கள் ஏ2-வை அதிகம் உயர்த்துவதில்லை. டெல்டா மரபணுவிலேயே பழுது இருந்தால் உயர வேண்டியது உயராது. ஒரே ரத்தத்தை இரண்டு முறை ஓட்டினாலே புள்ளி ஒன்று, இரண்டு மாறும். கணவர் மைனர் என்று தெரிந்த பிறகு, அந்த நடுவெண்ணை 'கிட்டத்தட்ட இயல்பு' என்று யாரும் முடிக்கக்கூடாது. அதற்கும் மரபணுதான் பதில்.

இதற்கிடையில் மாதவிடாய் தள்ளிப்போனால் மூன்று மாத இரும்புக் கணக்கை அன்றே கைவிடுங்கள். கணக்கு எளிது. பத்தாவது வாரத்தில் மருத்துவரிடம் போய், இரும்பு கொடுத்து மூன்று மாதம் காத்திருந்தால் 23-வது வாரம் ஆகிவிடும். கருவுக்குத் தலசீமியா மேஜர் உண்டா என்று நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கும் பரிசோதனையை 11 முதல் 13 வாரத்துக்குள் செய்வோம். பனிக்குட நீரை எடுத்துப் பார்ப்பதென்றால் 16 வாரத்தை ஒட்டி. இரண்டுமே உங்கள் காத்திருப்பில் போய்விடும். கர்ப்பம் என்று தெரிந்த நாளில் உங்கள் மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் போக வேண்டும். இரும்பு மாத்திரை அதோடு சேர்ந்து ஓடட்டும். அதனால்தான் உங்கள் முடிவு தெரியும்வரை கருத்தரிப்பதைத் தள்ளிவைக்கச் சொல்கிறேன். அதிகபட்சம் நான்கு மாதக் காத்திருப்பு.

அத்தையிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். அவர் ஆசையில் பேசுகிறார், ரிப்போர்ட்டும் அவருக்குச் சாதகமாக 'இயல்பு' என்றுதான் சொல்கிறது. "டாக்டர் இரும்பு ஏறிய பிறகு இன்னொரு முறை பார்க்கச் சொன்னார்" என்று மட்டும் சொல்லுங்கள். இந்தப் பதிலை அவரிடம் காட்டினாலும் எனக்குச் சம்மதம். மறுபரிசோதனைச் சீட்டில் 'கணவர் தலசீமியா மைனர், முதல் பரிசோதனையின்போது ஃபெரிட்டின் 6' என்று மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் 3.6 வந்தாலும் பரிசோதனைக் கூடத்தில் யாரும் பழக்கத்தில் 'இயல்பு' என்று அடித்துவிட மாட்டார்கள்.

முதல் வேலை அப்பாவின் ரத்தம். இதற்கு வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை. காலையில் காப்பி குடித்துவிட்டே போகலாம். ஊதா மூடி போட்ட சிறு குழாயில் இரண்டு மில்லி எடுப்பார்கள். உங்களுக்குத் தங்கை இருந்தால் அவரையும் கூடவே அழைத்துப்போங்கள், அவருக்கு ஃபெரிட்டினையும் சேர்த்தே பார்க்கச் சொல்லி.